எந்த நாளை விற்கிறோம், எந்தத் திசையை விற்கிறோம்?



இன்று ஆப்ஷன் விற்பதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்விதான் என் பேச்சு. நிஃப்டி ஆப்ஷன் செயினைத் திறந்தால் பல எக்ஸ்பைரிகள், ஒவ்வொன்றிலும் பல ஸ்ட்ரைக்குகள். இவற்றில் எதை விற்பது? பெரும்பாலானவர்கள் பிரீமியத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அல்லது நிஃப்டி இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். இரண்டுமே போதாது. பிரீமியத்துக்குள் இரண்டு தகவல்கள் ஒளிந்திருக்கின்றன. எந்த நாட்களுக்காகச் சந்தை பணம் கொடுக்கிறது என்பது ஒன்று. எந்தத் திசைக்காகக் கொடுக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை டேர்ம் ஸ்ட்ரக்சர் சொல்லும், இரண்டாவதை ஸ்கியூ சொல்லும். இந்த இரண்டையும் வாசித்துவிட்டு விற்பவருக்குத் தான் வாங்கிய பணம் எதற்கான கூலி என்று தெரிந்திருக்கும்.

வேண்டிய சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆப்ஷனின் சந்தை விலையைச் சூத்திரத்தில் போட்டு, இந்த விலை வர நிஃப்டி ஆண்டுக்கு எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் வருவது ஐ.வி. அது ஆண்டுக் கணக்கு. அதை 16ஆல் வகுத்தால் ஒரு வர்த்தக நாளுக்கான அளவு ஏறக்குறையக் கிடைக்கும், ஏனென்றால் ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் 16ஐ ஒட்டியது. ஐ.வி. 16 என்றால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு சதவீத அசைவை விலையாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே எக்ஸ்பைரியில் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் ஐ.வி. மாறுவது ஸ்கியூ. ஒரே நிலையில் எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பைரி மாறுவது டேர்ம் ஸ்ட்ரக்சர்.

முதலில் நாட்கள்

டேர்ம் ஸ்ட்ரக்சரை விளக்க 2024 நாடாளுமன்றத் தேர்தலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அப்போது நிஃப்டியின் வார எக்ஸ்பைரி வியாழக்கிழமை. ஏழாம் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1, சனிக்கிழமை. அன்று மாலையே கருத்துக்கணிப்புகள் வெளிவரும், எனவே அதன் தாக்கம் ஜூன் 3, திங்கட்கிழமை சந்தையில் தெரியும். வாக்கு எண்ணிக்கை ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. இந்தத் தேதிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

மே 23, வியாழக்கிழமை சந்தை முடிந்த நேரத்தில் நாம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த எக்ஸ்பைரி மே 30, அதற்கு ஐந்து வர்த்தக நாட்கள். அதற்கடுத்தது ஜூன் 6, அதற்குப் பத்து வர்த்தக நாட்கள். மாத எக்ஸ்பைரி ஜூன் 27, அதற்கு 24 வர்த்தக நாட்கள். மே 30 எக்ஸ்பைரிக்குள் தேர்தல் முடிவு வராது. மற்ற இரண்டிலும் வரும்.

இனி வரும் ஐ.வி. எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொள்பவை. நிஃப்டி நிற்கும் இடத்து ஸ்ட்ரைக்கில் மே 30க்கு 14, ஜூன் 6க்கு 24 என்று வைப்போம். பார்த்த உடனே தோன்றுவது என்ன? ஜூன் 6 விலை அதிகம், அதை விற்கலாம் என்பதுதான். பொறுங்கள். அந்த 24 பத்து நாட்களுக்கான சராசரி. அந்தப் பத்து நாட்களில் எந்த நாள் எவ்வளவு விலை பெறுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் வழி எளிது. ஐ.வி.யை நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. அதன் வர்க்கத்தைத்தான் நாட்களோடு பெருக்கிக் கூட்டிக் கழிக்கலாம். 14இன் வர்க்கம் 196. ஐந்து நாட்களுக்கு 980. 24இன் வர்க்கம் 576. பத்து நாட்களுக்கு 5,760. இரண்டுக்கும் வித்தியாசம் 4,780. மே 31 முதல் ஜூன் 6 வரையான ஐந்து நாட்களுக்குச் சந்தை வைத்திருக்கும் அளவு இதுதான். அந்த ஐந்தில் மூன்று நாட்கள் சாதாரண நாட்கள். அவற்றுக்கு நாளுக்கு 196 வீதம் 588 ஒதுக்குவோம். மீதி 4,192. இது ஜூன் 3, ஜூன் 4 ஆகிய இரண்டு நாட்களுக்கு. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2,096. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 46. நாள் கணக்குக்கு மாற்றினால் சுமார் 2.9 சதவீதம்.

சாதாரண நாளுக்கு 0.9 சதவீத அசைவு. அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் 2.9 சதவீதம். ஜூன் 6 எக்ஸ்பைரியை விற்பவர் உண்மையில் பத்து நாட்களை விற்கவில்லை. இரண்டு நாட்களை விற்கிறார், மற்றவை உடன் வருகின்றன. அந்த இரண்டு நாட்களும் கழியும்வரை பிரீமியம் பெரிதாகக் கரையாது. வழக்கமான தீட்டா கணக்கை நம்பி, நாளாக ஆக லாபம் வரும் என்று காத்திருப்பவருக்கு மே கடைசி வாரத்தில் கையில் பெரிதாக ஒன்றும் சேராது. ஐ.வி. ஏறிக்கொண்டே போவதாகவும் அவருக்குத் தோன்றும். சாதாரண நாட்கள் கழியக் கழிய மீதமுள்ள நாட்களின் சராசரி உயரும், அவ்வளவுதான். விலை ஏறியதாக அதற்குப் பொருள் கிடையாது.

இனி மாத எக்ஸ்பைரி. அந்த 24 நாட்களில் இரண்டு பெரிய நாட்கள், 22 சாதாரண நாட்கள். 22ஐ 196ஆல் பெருக்கினால் 4,312. அத்துடன் 4,192 சேர்த்தால் 8,504. அதை 24ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 18.8. தேர்தலைத் தவிர வேறெதற்கும் சந்தை அதிகமாகக் கேட்கவில்லை என்றால் ஜூன் 27க்கு ஐ.வி. 18.8 இருக்க வேண்டும். திரையில் 21 தெரிந்தால்? 21இன் வர்க்கம் 441, 24 நாட்களுக்கு 10,584. அதில் ஜூன் 6 வரையான 5,760ஐக் கழித்தால் மீதி 4,824. இது கடைசி 14 நாட்களுக்கு. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 18.6. முடிவு வந்த பிறகான அமைதியான நாட்களையும் சந்தை 18.6 என்ற விலையில் வைத்திருக்கிறது, இன்றைய சாதாரண நாளோ 14.

இப்போது திரை முழுக்க வேறு மாதிரித் தெரியும். ஜூன் 6இல் 24, ஜூன் 27இல் 21 என்று பார்த்தவுடன் 24தான் விலை உயர்ந்தது என்று தோன்றியது. பிரித்துப் பார்த்தால் தாராளமாக விலை வைத்திருப்பது ஜூன் 6க்குப் பிறகான நாட்களுக்கு. தேர்தல் முடிவைப் பற்றிக் கருத்தே இல்லாத ஒருவர் விற்க வேண்டியது அந்த நாட்களைத்தான்.

அவற்றை மட்டும் தனியாக விற்க இரண்டு வழிகள். முடிவு வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு விற்கலாம். அதற்குள் அந்த விலை போய்விடலாம், அது அந்த வழியின் செலவு. மற்றொன்று, ஜூன் 27ஐ விற்று அதே ஸ்ட்ரைக்கில் ஜூன் 6ஐ வாங்குவது. வாங்கிய ஆப்ஷன் அந்த இரண்டு நாட்களின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இதிலும் நட்டம் உண்டு. நிஃப்டி அசையாமல் அதே இடத்தில் நின்று, தூர எக்ஸ்பைரியின் ஐ.வி.யும் இறங்காவிட்டால், வாங்கியது வேகமாகக் கரையும், விற்றது மெல்லக் கரையும். ஜூன் 6 அன்று வாங்கியது முடிந்தவுடன் விற்றது தனியாக நிற்கும், அன்றே அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். விற்பதற்கு முன்பே அந்த நாளுக்கான மார்ஜின் கையில் இருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90இல் முடிந்தது. ஜூன் 4 அன்று 5.93 சதவீதம் விழுந்து 21,884.50இல் முடிந்தது. இடையில் 21,281.45 வரை போனது. இந்தியா விக்ஸ் மே 31 அன்று 24ஐத் தாண்டி இருந்தது. கருத்துக்கணிப்பு தந்த நிம்மதியில் ஜூன் 3 அன்று 21க்கு இறங்கியது. ஜூன் 4 அன்று வர்த்தகத்தின் நடுவே 31ஐத் தாண்டி, 26.75இல் முடிந்தது. மறுநாளே சுமார் 19. மாதக் கடைசியில் 14ஐ ஒட்டி.

ஜூன் 3 மாலையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அன்று விக்ஸ் இறங்கியதைப் பார்த்து ஆபத்து போய்விட்டது என்று எண்ணியவர்கள் ஏராளம். விக்ஸ் முப்பது நாட்களுக்கான அளவுகோல். அடுத்த நாள் காலை என்ன விலையில் இருக்கிறது என்பதை அது தனியாகச் சொல்லாது. அன்று ஜூன் 6 எக்ஸ்பைரியின் 22,000 புட்டை ஒருவர் விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஃப்டி இருந்த இடத்திலிருந்து 5.4 சதவீதம் கீழே. மூன்றே நாட்கள். சாதாரண நாட்கள் மூன்று என்றால் எதிர்பார்க்கும் அசைவு 1.5 சதவீதம், எனவே 5.4 என்பது அதுபோல மூன்றரை மடங்கு, எட்டாத தூரம். ஆனால் அந்த மூன்றில் ஒன்று 2.9 சதவீத நாள். அதைச் சேர்த்தால் மூன்று நாட்களுக்கும் 3.1 சதவீதம், அப்போது 5.4 என்பது 1.7 மடங்குதான். எட்டும் தூரம்.

மறுநாள் நிஃப்டி அந்த ஸ்ட்ரைக்குக்கு 719 புள்ளிகள் கீழே போனது. அப்போது லாட் 25. உள்ளார்ந்த மதிப்பு மட்டுமே லாட்டுக்குச் சுமார் 18,000 ரூபாய், அதற்கு மேல் அன்றைய ஐ.வி. சேர்த்த பிரீமியம் வேறு. ஜூன் 6 அன்று நிஃப்டி 22,821.40இல் முடிந்தது, அந்தப் புட் மதிப்பின்றிக் காலாவதியானது. கடைசி நாளில் மட்டும் பார்ப்பவர் விற்றது சரி என்பார். செவ்வாய்க்கிழமை மதியம் மார்ஜின் போதாமல் வெளியேற்றப்பட்டவருக்கு அந்த வியாழக்கிழமை வரவே இல்லை. ஸ்ட்ரைக் தேர்வு என்பது கடைசி நாள் எங்கே முடியும் என்ற கேள்வியோடு நிற்பதில்லை. இடையில் எங்கே போனாலும் நாம் இருப்போமா என்பதும் அதில் அடங்கியது. எந்த எக்ஸ்பைரி என்று முடிவு செய்யும்போதே இதையும் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்துத் திசை

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்கு முன்பு அங்கே குறியீட்டு ஆப்ஷன்களில் ஸ்ட்ரைக்குகளுக்கு இடையே ஐ.வி. பெரிதாக வேறுபடவில்லை. அதற்குப் பிறகு கீழே உள்ள புட்களுக்கு நிரந்தரமாகவே கூடுதல் ஐ.வி. ஒட்டிக்கொண்டது. குறியீட்டு ஆப்ஷன்களில் நாம் இன்று பார்க்கும் ஸ்கியூ அந்த நாளின் நினைவு. காரணம் எளிது. பங்கு வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்கள் பாதுகாப்புக்காகப் புட் வாங்குகிறார்கள். சந்தை மெல்ல ஏறும், சட்டென விழும். விழும்போது ஐ.வி.யும் சேர்ந்து ஏறும். இந்த மூன்றுக்கும் கூலி வேண்டும் என்று விற்பவர் கேட்கிறார்.

எண்களில் பார்ப்போம். எல்லாமே எடுத்துக்காட்டு எண்கள். நிஃப்டி ஃபியூச்சர் 25,000. எக்ஸ்பைரிக்குப் பத்து வர்த்தக நாட்கள். 25,000 ஸ்ட்ரைக்கில் ஐ.வி. 13. நான்கு சதவீதம் கீழே 24,000 புட்டுக்கு 17. நான்கு சதவீதம் மேலே 26,000 காலுக்கு 12. வட்டியை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டால் 24,000 புட்டின் விலை 46 ரூபாய். 26,000 காலின் விலை 13 ரூபாய். தூரம் ஒன்றுதான், விலை மூன்றரை மடங்கு. ஸ்கியூவே இல்லாமல் எல்லா ஸ்ட்ரைக்கும் 13 என்றால் அந்தப் புட் 16 ரூபாய்தான். ஆக 46இல் 30 ரூபாய் ஸ்கியூ கொடுத்தது.

இந்த 30 ரூபாய் இலவசமா? இந்தப் புட்டை விற்ற மறுநாளே நிஃப்டி 3 சதவீதம் விழுந்து 24,250க்கு வந்ததாக வைப்போம். அதே ஐ.வி. 17 நீடித்தால் புட் 200 ரூபாய். ஐ.வி. 20க்கு ஏறினால் 252 ரூபாய். 46 வாங்கியவர் 252 கொடுத்து வெளியே வருகிறார், ஸ்ட்ரைக் இன்னும் 250 புள்ளி கீழே இருக்கும்போதே. விழுந்தால் இரண்டு அடிகள் ஒன்றாக விழும். அந்த இரண்டாவது அடிக்கான விலைதான் அந்த 30 ரூபாயில் பெரும்பகுதி. மேலே கால் விற்றவருக்கு ஏறும்போது வழக்கமாக ஐ.வி. இறங்கி உதவும். வழக்கமாக என்றுதான் சொல்கிறேன். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டபோது நிஃப்டி ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 13 ரூபாய்க்காகக் கால் விற்பவர் அந்த நாளையும் விற்கிறார்.

எனவே முதல் பாடம்: இரு பக்கமும் ஒரே தூரத்தில் விற்பது இரு பக்கமும் ஒரே ஆபத்தைத் தராது. 26,000 காலின் டெல்டா 0.05. 24,000 புட்டின் டெல்டா 0.11, இரண்டு மடங்குக்கும் மேல். புட் பக்கமும் 0.05 வேண்டுமானால், ஐ.வி. அங்கே 19 என்று வைத்தால், 23,500 அளவுக்கு இறங்க வேண்டும். மேலே 4 சதவீதம், கீழே 6 சதவீதம். அந்த இடத்திலும் புட் சுமார் 20 ரூபாய், காலைவிட அதிகம்தான். தூரத்தைச் சதவீதத்தில் அளப்பதை விட்டு டெல்டாவில் அளக்கத் தொடங்கினாலே பாதித் தவறுகள் குறையும்.

இரண்டாவது பாடம் இன்னும் பயனுள்ளது. டெல்டாவையே நிகழ்தகவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. 0.11 என்றால் 11 சதவீத வாய்ப்பு என்கிறார்கள். ஸ்கியூ செங்குத்தாக இருக்கும்போது அது சரியாக வராது. சந்தை உண்மையில் வைத்திருக்கும் வாய்ப்பை அறிய சூத்திரமே தேவையில்லை, அடுத்தடுத்த இரண்டு ஸ்ட்ரைக்குகளின் விலை வித்தியாசம் போதும். 23,500 புட்டுக்கு ஐ.வி. 19 என்றால் அதன் விலை 20 ரூபாய். 24,000 புட் 46. வித்தியாசம் 26. ஸ்ட்ரைக் இடைவெளி 500. 26ஐ 500ஆல் வகுத்தால் 5.2 சதவீதம். எக்ஸ்பைரியில் நிஃப்டி 23,500க்கும் 24,000க்கும் இடைப்பட்ட மட்டங்களுக்குக் கீழே முடிவதற்குச் சந்தை வைத்திருக்கும் சராசரி வாய்ப்பு அது. இரண்டு ஸ்ட்ரைக்குகளிலும் டெல்டா காட்டிய 11, 5 ஆகியவற்றின் சராசரி 8, அதற்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி பாருங்கள்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு விற்பவர் ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். 24,000 புட்டை விற்று 23,500 புட்டை வாங்கினால் கையில் 26 ரூபாய், அதிகபட்ச நட்டம் 474 ரூபாய். உண்மையான வாய்ப்பு 5.2 சதவீதத்துக்கு அருகில் இருந்தால் இது சமம், லாபமில்லை. அது 3 சதவீதம் என்று நம்பக் காரணம் இருந்தால் விற்கலாம். காரணம் எங்கிருந்து வரும்? பழைய தரவிலிருந்து. பத்து நாள் இடைவெளிகளில் நிஃப்டி 4 சதவீதத்துக்கு மேல் எத்தனை முறை, 6 சதவீதத்துக்கு மேல் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும்போது 2020 மார்ச்சை விதிவிலக்கு என்று நீக்கக் கூடாது. அந்த மாதம் 13, 23 ஆகிய இரண்டு தேதிகளில் லோயர் சர்க்யூட்டைத் தொட்டு வர்த்தகமே நிறுத்தப்பட்டது. இந்தியா விக்ஸ் 80ஐத் தாண்டியது. ஸ்கியூ விலை வைத்திருப்பதே அதுபோன்ற மாதத்துக்குத்தான். அதை நீக்கிவிட்டு எண்ணினால் எல்லாப் புட்டும் விலை மிகுந்ததாக, விற்கத் தகுந்ததாகவே தெரியும்.

மூன்றாவது பாடம், சிறகு வாங்கும் செலவு. மேலே சொன்ன ஸ்பிரெட்டில் ஐ.வி. 17இல் விற்றோம், 19இல் வாங்கினோம். 46 ரூபாயில் 20 ரூபாய் பாதுகாப்புக்கே போகிறது. இதைப் பார்த்துச் சிலர் சிறகை விட்டுவிடுகிறார்கள், இன்னும் சிலர் அந்தச் சிறகையே விற்கிறார்கள், ஐ.வி. அங்கேதான் அதிகம் என்று. ஐ.வி. அதிகமாக இருப்பதாலேயே அது விலை மிகுந்தது ஆகாது. அந்த இடத்தில் சிறிய வாய்ப்புக்கு மிகப் பெரிய நட்டம் காத்திருக்கிறது. ஸ்கியூ அதன் சொந்த வரலாற்றோடு ஒப்பிட்டால் செங்குத்தாக இருக்கும் நாட்களில் சிறகு விலை கூடும். அப்போது இடைவெளியைச் சற்று அகலமாக்கி லாட்டைக் குறைப்பது நல்லது. ஸ்கியூ தட்டையாகவும் மொத்த ஐ.வி. தாழ்ந்தும் இருக்கும் அமைதியான நாட்களில் சிறகு மலிவு. பலர் அதை வாங்க மறப்பதும் அந்த நாட்களில்தான்.

திரையில் தெரிவதை எவ்வளவு நம்பலாம்

இவ்வளவும் சரியான ஐ.வி. இருந்தால்தான். தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. ஒரே ஸ்ட்ரைக்கில் காலுக்கு ஓர் ஐ.வி., புட்டுக்கு வேறு ஐ.வி. என்று திரையில் தெரிந்தால், கணக்கில் எடுத்த அடிப்படை விலையோ வட்டியோ பொருந்தவில்லை என்று அர்த்தம். நிஃப்டி ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, ஒரே ஸ்ட்ரைக்கில் இரண்டும் ஒன்றாக வந்தாக வேண்டும். திருத்தும் வழி: நிஃப்டி நிற்கும் இடத்து ஸ்ட்ரைக்கை எடுத்து, கால் விலையைக் கூட்டி, புட் விலையைக் கழியுங்கள். வருவதுதான் அந்த எக்ஸ்பைரிக்கான ஃபியூச்சர் விலை. ஒவ்வோர் எக்ஸ்பைரிக்கும் தனித்தனியாக இதைச் செய்து, அதை வைத்தே ஐ.வி. கணக்கிடுங்கள்.

கடைசியாக நடந்த விலையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். தூர ஸ்ட்ரைக்கில் அது காலையில் நடந்த விலையாக இருக்கலாம், நிஃப்டி அதற்குப் பின் நகர்ந்திருக்கும். வாங்க நிற்பவர் விலை, விற்க நிற்பவர் விலை இரண்டின் நடுவை எடுங்கள். அந்த இரண்டுக்கும் இடைவெளி விலையில் பெரும்பகுதியாக இருந்தால் அந்த ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யைப் பொருட்படுத்தவே வேண்டாம். வளைவில் ஒரு புள்ளி மட்டும் அக்கம்பக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தால் வாய்ப்பு என்று பாய்வதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பழைய விலை.

நாட்களை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். திரை காலண்டர் நாட்களை எண்ணினால் வெள்ளிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவில் ஐ.வி. காரணமில்லாமல் மாறியதாகத் தெரியும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க இந்தப் பிழை பெரிதாகும். கடைசி ஒன்றிரண்டு நாட்களில் ஐ.வி.யைக் கைவிட்டு, ரூபாயிலேயே, இன்று நிஃப்டி எத்தனை புள்ளி அசைந்தால் நட்டம் என்று பார்ப்பது தெளிவாக இருக்கும்.

விதிகளும் எக்ஸ்பைரித் தேர்வில் நுழைகின்றன. 2024 நவம்பர் 20 முதல் எக்ஸ்பைரி நாளில் விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்குக் கூடுதலாக 2 சதவீத மார்ஜினைச் செபி விதித்திருக்கிறது. 2025 பிப்ரவரி முதல், எக்ஸ்பைரி நாளன்று அன்று முடியும் ஆப்ஷனையும் அடுத்த எக்ஸ்பைரியையும் ஜோடியாகக் கருதித் தரும் மார்ஜின் சலுகையும் இல்லை. நான் சொன்ன இரண்டு எக்ஸ்பைரி வழியை இன்று செய்பவர் அந்தக் கடைசி நாளுக்கு முழு மார்ஜின் வைத்திருக்க வேண்டும், அல்லது முந்தைய நாளே முடித்துக்கொள்ள வேண்டும்.

வரிசை

இனி இதையெல்லாம் செய்யும் வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் அடுத்த நான்கைந்து எக்ஸ்பைரிகளின் நடு ஸ்ட்ரைக் ஐ.வி.யை எழுதுங்கள். வர்க்கமாக்கி, நாட்களால் பெருக்கி, கழித்து, ஒவ்வோர் இடைவெளிக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு என்று காணுங்கள். எந்த இடைவெளி உயர்ந்திருக்கிறதோ அங்கே என்ன தேதி விழுகிறது என்று பாருங்கள்: ரிசர்வ் வங்கிக் கூட்டம், பட்ஜெட், தேர்தல் முடிவு, அமெரிக்க மத்திய வங்கியின் அறிவிப்பு. தேதி கிடைத்தால் அந்த விலைக்குக் காரணம் உண்டு. அந்த அசைவு அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நம்ப உங்களிடம் தனிக் காரணம் இருந்தால் மட்டும் விற்கலாம். தேதி எதுவும் கிடைக்காமல் விலை மட்டும் உயர்ந்திருந்தால் நீங்கள் தேடும் இடம் அதுவாக இருக்கலாம்.

கிட்ட எக்ஸ்பைரியின் ஐ.வி. தூர எக்ஸ்பைரியைவிட உயர்ந்து, அதற்குத் தேதி எதுவும் காரணமாக இல்லையென்றால், கடந்த பத்து நாட்களில் நிஃப்டி உண்மையில் நாளுக்கு எவ்வளவு அசைந்தது என்று கணக்கிடுங்கள். அசைவே அந்த அளவில் இருந்தால் விலை நியாயமானது, பீதியின் நடுவில் சந்தை இருக்கிறது. 2020 மார்ச்சில் ஐ.வி. 40ஐத் தொட்டபோது அதிகம் என்று விற்றவர்கள் 60ஐப் பார்த்தார்கள், பிறகு 80ஐயும் பார்த்தார்கள். நாள் அசைவு குறையத் தொடங்கி, கிட்ட எக்ஸ்பைரியின் ஐ.வி. தூர எக்ஸ்பைரியுடையதற்குக் கீழே இறங்கிய பிறகு விற்கத் தொடங்கலாம். உச்சத்தில் விற்கும் வாய்ப்பு போகும், ஆனால் முதலீடு இருக்கும்.

எக்ஸ்பைரி முடிவான பிறகுதான் ஸ்ட்ரைக். அந்த எக்ஸ்பைரியின் அடுத்தடுத்த ஸ்ட்ரைக் விலை வித்தியாசங்களை இடைவெளியால் வகுத்து, சந்தை வைத்திருக்கும் வாய்ப்புகளை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் பழைய தரவிலிருந்து நீங்கள் எண்ணியதை எழுதுங்கள். சந்தையின் எண் உங்கள் எண்ணைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும் ஸ்ட்ரைக்கில் விற்கலாம், சிறகோடு. எங்குமே அப்படித் தெரியாவிட்டால் அன்று விற்பதற்கு ஒன்றுமில்லை.

2021–22 முதல் 2023–24 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. இந்த அவையில் இருக்கும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை ஓர் ஆப்ஷனை விற்கும் முன், இந்தப் பணத்தை எந்த நாளுக்காக வாங்குகிறேன், எந்தத் திசைக்காக வாங்குகிறேன், ஒரு நாளில் 3 சதவீதம் எதிராகப் போனால் எவ்வளவு கொடுப்பேன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றில் ஒன்றை எழுத முடியாவிட்டாலும் அந்த ஆர்டரைப் போடாதீர்கள்.